கல்யாண வீட்டு வாட்ஸ்அப் குழுவைப் படிப்பது எப்படி: புதிதாக வந்த மருமகள், மருமகன்களுக்கு

கல்யாணமாகி வந்த சில மாதத்திலேயே அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வந்துவிட்டால், உங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு செய்தி வரும், பாதி குட் மார்னிங் படம், மீதி கேலியும் கிண்டலும். யார் கல்யாணத்தை நடத்துகிறார், யார் காசு கொடுக்கிறார், யாருக்கு மனத்தாங்கல் என்று அதில் எங்கேயும் நேராக எழுதியிருக்காது. ஆனால் மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. மதுரையில் என் நாத்தனார் கல்யாணத்தின்போது இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர யாருமில்லை, தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் குழுவை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடியதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முறைகள் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். சில வீடுகளில் கல்யாணம் பெண் வீட்டுச் செலவு, சில வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் நடத்துவார்கள், இப்போது பாதிப்பாதி என்றும் நிறைய நடக்கிறது. உங்கள் வீட்டு முறை எது என்பதை முதல் நாளே ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எண்களை உறவாக மாற்றுங்கள்

குழுவில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் சேமியுங்கள். உங்களுக்கு அவர் என்ன முறை என்று போடாதீர்கள், கல்யாணப் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ என்ன முறை என்று போடுங்கள். எனக்கு அவர் பெரிய மாமனார், ஆனால் இந்தக் கல்யாணத்தில் அவர் பெண்ணின் பெரியப்பா. உரிமையும் சீரும் மரியாதையும் பெண்ணிலிருந்துதான் கணக்காகும், அதனால் "பெண்ணுக்கு மூத்த அத்தை", "பெண்ணுக்குத் தாய்மாமன்" என்று பெயர் தெரிந்தால்தான் ஒரு செய்தியின் கனம் உங்களுக்குப் பிடிபடும்.

அப்புறம் மாமியாரோடோ வீட்டில் பாட்டி இருந்தால் அவரோடோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சில விஷயங்களைக் கேளுங்கள். இந்த வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணம் யாருடையது, அதை யார் முன்னால் நின்று நடத்தினார், அதில் யாருக்கு என்ன குறை வந்தது. இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் இன்றைக்குக் குழுவில் விழும் கேலியில் பாதி போன கல்யாணத்தின் பாக்கி. குழுவில் யார் இல்லை என்பதையும் பாருங்கள். நெருங்கிய உறவில் ஒருவர் மட்டும் விடுபட்டிருந்தால் தற்செயலாக விட்டுப்போயிருக்கவும் கூடும், பழைய சண்டையாகவும் இருக்கும், எது என்று தெரியாமல் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று, யார் விரலால் யார் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் பெரியப்பா பெயரில் வரும் எழுத்தெல்லாம் அவர் மருமகள் தட்டுவது. அவரே பேச நினைத்தால் வாய்ஸ் மெசேஜ்தான் போடுவார். பெரியவர்கள் போடும் வாய்ஸைக் கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். குரலில் ஏற்றத்தாழ்வு தெரியும், எழுத்தில் தெரியாது.

2. நடத்துபவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

நடத்துபவர் என்று ஒருவர் இருப்பதாக நினைப்போம், உண்மையில் மூன்று பேர் இருப்பார்கள். பேருக்கு முன்னால் நிற்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர், ஓடியாடி வேலை பார்ப்பவர் ஒருவர். குழுவில் அதிகம் எழுதுபவர் பெரும்பாலும் மூன்றாமவர்தான், அவரை நடத்துபவர் என்று எண்ணி எல்லாவற்றையும் அவரிடம் கேட்டால் முதலாமவருக்குக் கோபம் வரும்.

முடிவெடுப்பவரைக் கண்டுபிடிக்க, யார் எழுதிய பிறகு மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். பெரியப்பா ஒரு காலையில் "மண்டபம் பார்த்தாச்சு, எல்லாருக்கும் சம்மதம்னா அட்வான்ஸ் குடுத்துரலாம்" என்று போட்டார். மத்தியானம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மாமியார் "சரிங்க அத்தான், நல்ல இடம்" என்று எழுதியதும் மளமளவென்று கட்டைவிரல்கள் விழுந்தன. முன்னால் நிற்பது பெரியப்பா, முடிவு மாமியாருடையது என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துபோனது. இதே மாதிரி "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒருவர் எழுதினால், அவர் யாரிடம் கேட்கிறாரோ அவர்தான் அந்த வீட்டுக்கு முடிவெடுப்பவர்.

பேருக்கு நிற்பவர் யார் என்பதற்கு இருக்கும் ஆவணம் பத்திரிகை. அச்சகத்திலிருந்து வரும் புரூஃப் படத்தைக் குழுவில் போடுவார்கள். அதைப் பெரிதாக்கி நிதானமாகப் படியுங்கள். யார் பெயரில் அழைப்பு தொடங்குகிறது, கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்கு அடியில் யார் யார், எந்த வரிசையில், யாருக்குப் பட்டம் போட்டிருக்கிறது, யாருக்கு இல்லை. முதல் புரூஃபையும் கடைசிப் புரூஃபையும் போனில் பத்திரப்படுத்தி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பெயர் மேலே போனது, எது கீழே வந்தது என்று பார்த்தால் யார் பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் மாமன்மார் வரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது மணமக்களின் பெயரை ஒருவரும் சரிபார்க்க மாட்டார்கள். திருமணப் பதிவுக்கு இந்தப் பத்திரிகையையும் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். புதிதாக வந்தவர் தயங்காமல் குழுவில் சொல்லக்கூடிய திருத்தம் இது ஒன்றுதான்.

3. காசு யாருடையது என்று பாருங்கள்

"நான் கொடுக்கிறேன்" என்று எழுதுபவரை விட, விலை கேட்பவரைக் கவனியுங்கள். மேடை அலங்காரப் படம் ஒன்று வந்தால் "சூப்பர்", "அழகா இருக்கு" என்று பத்து பேர் எழுதுவார்கள், ஒருவர் மட்டும் "இது எவ்வளவு ஆகும்?" என்பார். அந்த ஒருவர் கையிலிருந்துதான் பணம் போகிறது. எங்கள் குழுவில் அது என் கணவர். எந்தப் படம் வந்தாலும் அவருடைய கேள்வி அது ஒன்றுதான். அதைக் கஞ்சத்தனம் என்று அத்தை ஒருவர் கேலி செய்ததும் நடந்தது.

இரண்டாவது தடயம் இலைக் கணக்கு. சமையல் கான்ட்ராக்ட் இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். முகூர்த்தச் சாப்பாடு 700 இலை, இலைக்கு 220 ரூபாய் என்றால் 1,54,000 ரூபாய். இதில் ஒரு சித்தப்பா "நம்ம ஆபீஸ்ல ஒரு 80 பேர் வருவாங்க, சேர்த்துக்கங்க" என்று ஒரு வரி போடுகிறார். அந்த வரியின் விலை 17,600 ரூபாய். ஆள் எண்ணிக்கையைத் தாராளமாகக் கூட்டுபவர் காசு கொடுப்பவராக இருக்க மாட்டார், எண்ணிக்கையை இரண்டு மூன்று முறை உறுதிப்படுத்திக்கொள்பவர்தான் கொடுப்பவர். "எத்தனை பேர்னு கரெக்டா சொல்லுங்க, இலை போட்டா போட்டதுதான்" என்று யாராவது எழுதினால் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல்காரருக்கு உறுதி கொடுத்த எண்ணிக்கைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, ரசீதுகள். மண்டப அட்வான்ஸ் ரசீது யார் பெயரில் இருக்கிறது? ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டது யார், அதில் அனுப்பியவர் பெயர் யாருடையது? எங்கள் வீட்டில் ரசீது பெரியப்பா பெயரில், பணம் போனது என் கணவர் கணக்கிலிருந்து. இப்படிப் பெயரும் பணமும் வேறு வேறாக இருந்தால் கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு சிக்கல் வரும். மண்டபத்தில் கரண்ட், ஜெனரேட்டர், சுத்தம் செய்யும் கூலி போக மீதி டெபாசிட்டை ரசீதில் பெயர் உள்ளவரிடம்தான் கொடுப்பார்கள். அது யாருக்குப் போக வேண்டும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே, குழுவுக்கு வெளியே, கணவர் மூலமாகப் பேசி வைத்துவிடுவது நல்லது.

நான்காவதைத்தான் வெளியிலிருந்து வருகிறவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். மொய். மொய் நோட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொய் வெறும் அன்பளிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஊரில் இத்தனை வருஷம் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் மொய் செய்தவர் மாமனார், அதனால் வருகிற மொய் அவருக்கு வந்து சேர வேண்டியது, இனிமேல் திருப்பிச் செய்ய வேண்டியவரும் அவரே. ஆனால் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கிக் கொடுத்தது மகன். கொழுந்தன் ஒரு நாள் "அண்ணனுக்குச் செலவு, அப்பாவுக்கு வரவு, நல்ல பார்ட்னர்ஷிப்" என்று சிரிப்பு எமோஜியோடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், என் கணவர் மட்டும் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. அன்று ராத்திரி அவர் போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு உண்மை இருந்தது என்று புரிந்தது. பிறகு மாமனாரே, மொய்ப் பணத்தில் முதலில் சமையல் பாக்கியை அடைப்பது என்று முடிவு செய்தார். நோட்டு அவரிடமே இருந்தது, பணம் மட்டும் கடனுக்குப் போனது. நோட்டும் பணமும் தனித்தனி விஷயம் என்று பிரித்துப் பேச முடிந்ததால் ஒருவர் மனமும் நோகவில்லை.

4. சிரிப்புக்குள் இருக்கும் குறையைக் கண்டுபிடியுங்கள்

எல்லாக் கேலியும் குறை இல்லை. எல்லாவற்றுக்கும் கேலி பேசுகிற மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், அவரை விட்டுவிடுங்கள். குறையைச் சுமந்து வரும் கேலிக்கு அடையாளங்கள் உண்டு. அது ஒரு முடிவு வந்த சில மணி நேரத்துக்குள் விழும். ஒரே விஷயத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும். "நான்" என்று இருக்காது, "நாங்க", "எங்களை மாதிரி ஆளுங்க" என்று இருக்கும். சொன்னவர் அதற்குப் பிறகு மற்ற பேச்சுகளில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குவார்.

ஆகவே ஒரு கேலி உறுத்தினால் மேலே தள்ளிப் போய் அதற்கு முந்தைய இருபது முப்பது செய்தியைப் படியுங்கள். மூத்த அத்தை ஒருநாள் "எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல கண்ணாடி மாத்தணும், பத்திரிகையில பேரைத் தேடித் தேடிக் கண்ணே போச்சு" என்று போட்டார், கூடவே மூன்று சிரிப்பு. இளைய அத்தையும் சேர்ந்து சிரித்தார். மேலே போய்ப் பார்த்தால் அன்று காலைதான் இரண்டாவது புரூஃப் வந்திருந்தது. அதில் இளைய அத்தையின் கணவர் பெயர் மேலே, பட்டத்தோடு இருந்தது. மூத்த அத்தையின் கணவர் பெயர் அடுத்த வரியில், சின்ன எழுத்தில். இளைய மருமகன் வசதியானவர், மூத்தவர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அத்தை கேட்டது கண்ணாடி இல்லை, வயசுக்கு உள்ள வரிசை. அச்சுக்குப் போகுமுன் மாமியார் காதில் போட்டேன், மூன்றாவது புரூஃபில் மாறிவிட்டது. அதற்காகக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இன்னும் கடினமானது, ஒருவர் சொல்லும் கேலி இன்னொருவரைக் குத்தி, குத்துப்பட்டவரும் சிரித்து வைப்பது. விருதுநகரில் இருக்கும் தாய்மாமன் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பெண் கல்யாணம் என்றால் மாமன் சீர்தான் எல்லார் கண்ணும் பார்ப்பது: பட்டு, மாலை, பழத் தட்டு, பலகாரத் தட்டு, முடிந்தால் நகை. இளைய அத்தை "மாமன் சீர் இந்தத் தடவை வேன்ல வருதா லாரியில வருதா, மண்டப வாசல்ல இடம் விடணும்ல" என்று எழுதினார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மாமன் ஒரு சிரிப்பு எமோஜி போட்டார். அடுத்த நாள் யாரோ கேட்டதற்கு "நமக்கென்னப்பா, மொய் எழுதுற நேரத்துக்கு வந்தாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை, அதுவரை தினமும் முதல் ஆளாகக் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தவர்.

இங்கே இரண்டு குறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சீர் செய்யக் கையில் காசில்லை என்பது ஒன்று. தேதி குறிக்கும்போது தாய்மாமனைக் கேட்காமல் குறித்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. அவர் மச்சினர் வீட்டிலும் அதே முகூர்த்தத்தில் காதுகுத்து. இரண்டாவதைச் சரி செய்ய முடியாது, மண்டபம் பிடித்தாயிற்று, ஆடி முடிந்து ஆவணியில் கிடைத்த நல்ல நாள் அது. முதலாவதைச் சரி செய்யலாம். மாமியார் தன் தம்பிக்குப் போன் போட்டு "தட்டு எண்ணிக்கையெல்லாம் நீ பார்க்காதே, பட்டும் மாலையும் எடுத்துட்டு வா, மத்த தட்டை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் விருதுநகருக்கே போய் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்தார்கள். வந்த பிறகு பெரியப்பா குழுவில் ஒரு வாய்ஸ் போட்டார்: மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுத்த பிறகுதான் பொண்ணு மேடைக்கு வரும், எல்லாரும் நேரத்துக்கு வந்துருங்க. மறுநாள் காலை வணக்கம் விருதுநகரிலிருந்து வந்தது.

இந்த வரிகள் வந்தால் மட்டும் உடனே நின்று பாருங்கள். "உங்க இஷ்டம்" என்பது பெரும்பாலும் சம்மதமில்லை. "நாங்க விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறோம்" என்றால் அவருக்கு வேலையோ பொறுப்போ ஒதுக்கவில்லை. "எங்களுக்கும் ஒரு பத்திரிகை உண்டா?" என்றால் நேரில் போய் வைக்கவில்லை. குழுவில் பத்திரிகைப் படத்தைப் போட்டால் அழைத்ததாக ஆகாது. நெருங்கிய உறவுக்குக் கணவன் மனைவி இருவருமாகப் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு. ஒரு செய்தி அழிக்கப்பட்டதாகக் காட்டினால் என்ன இருந்தது என்று குழுவில் கேட்காதீர்கள்.

5. எதை எதுவரை சரி செய்யலாம், யார் மூலமாக

ஒவ்வொரு குறைக்கும் ஒரு கெடு இருக்கிறது. பெயர், வரிசை, பட்டம் பற்றியதெல்லாம் பத்திரிகை அச்சுக்குப் போகும் வரைதான். நேரில் அழைக்கவில்லை என்பதைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை சரி செய்யலாம், அதற்குள் போனால்கூட "கடைசியில வந்தீங்க" என்பார்கள், ஆனால் வருவார்கள். பொறுப்பு கொடுக்கவில்லை என்பதை முதல் நாள் சாயங்காலம் வரை சரி செய்யலாம். சித்தப்பா "நான் பந்தியில வாளி தூக்கறேன், வேற என்ன வேலை இருக்கு நமக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நின்று வரவேற்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள், அந்தப் பேச்சு நின்றது. இதற்குக் காசே ஆகவில்லை. காசு சம்பந்தமான குறைகளைக் கடைசி வாரத்தில் தொடவே வேண்டாம், முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் படித்ததை யாரிடம் சொல்வது என்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். குழுவில் பதில் எழுதாதீர்கள், ஆறுதலாகக்கூட எழுதாதீர்கள். கேலியாகச் சொன்னதை நீங்கள் குறையாக எடுத்துப் பேசினால் "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று அவர் பின்வாங்குவார், அப்புறம் அதைச் சரி செய்யவே வழி இருக்காது. உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ சொல்லுங்கள், அவர் ரத்த உறவுள்ள ஒருவரிடம் கொண்டுபோகட்டும். மாமன் விஷயம் அக்கா மூலமாகப் போனதால்தான் சரியானது, அதே வார்த்தையைப் பெரியப்பா சொல்லியிருந்தால் அவருக்கு அவமானமாகப் போயிருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஒரு பெரிய குழு இருந்தால் அதற்குள்ளிருந்து பிரிந்த சின்னக் குழுக்கள் நிச்சயம் இருக்கும், அண்ணன் தம்பிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. நீங்கள் எல்லாவற்றிலும் இருப்பீர்கள் என்றால் எதில் எழுதுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் மேலே பெயரைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். மொய் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாமனார் அனுமதியோடு போட்டோ எடுத்து, உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் போட வேண்டாம். அடுத்த தை மாதம் யார் வீட்டுக்காவது மொய் செய்யப் போகும்போது எவ்வளவு என்று தேடுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.